கேரி ஃபிளாக்கைப் பற்றி நான் எழுதி முடிக்காத மறுப்பாணை

ஓய்வு பெற்றவனுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு வேலைகள்தான் கிடைக்கும். ஒன்று கோயில் கமிட்டி. மற்றொன்று, பதவியில் இருப்பவர்கள் எழுதத் தயங்கும் கடிதங்களை எழுதித் தருவது. கமிட்டிக்கு வேண்டிய பொறுமை எனக்கு இல்லை. மறுப்புக் கடிதம் எழுதுவதில் எனக்கு நிகர் இல்லை என்று சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

அங்கே இருக்கும் தன்னாட்சி பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் துறைத் தலைவராக இருந்தேன். கடைசி ஆறு வருடங்கள் தேர்வு அதிகாரியாகவும் இருந்தேன். அந்தக் கல்லூரியின் தேர்வு விதித் தொகுப்பு என் கையால் எழுதியது. விதி எது, உள்விதி எது, எந்தப் படிவத்தில் யார் எந்தப் பக்கம் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு புதன்கிழமை காலை இப்போதைய தேர்வு அதிகாரி அழைத்தார். என் துறையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். மைக்ரோபிராசஸர் தாளில் ஒரு மாணவி முப்பத்தேழு மதிப்பெண் வாங்கித் தோற்றிருக்கிறாள், தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும், மறுமதிப்பீட்டிலும் அதே முப்பத்தேழு, இப்போது விடைக்குறிப்பே தவறு என்று மனு கொடுத்திருக்கிறாள், பணிவாகவும் உறுதியாகவும் ஒரு மறுப்பாணை எழுதித் தர வேண்டும் என்றார். பணிவு என் துறை அல்ல, உறுதிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்தேன்.

அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். மனுதாரர் அவள்தான் என்று உள்ளே போன பிறகு சொன்னார்கள். வரச்சொல்லவில்லையாம். நாமக்கல்லில் வேலை செய்யும் இடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாளாம்.

முதலில் கேள்வித்தாளைப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வி. இயந்திரம் எண்ணை வைத்துக்கொள்ளும் ஏ.எல். என்ற எட்டு பிட் பதிவேட்டில் 50 இருக்கிறது, பி.எல்.-இல் –20 இருக்கிறது, இரண்டையும் ADD கட்டளையால் கூட்டினால் ஏ.எல்.-இல் என்ன இருக்கும், கேரி, ஓவர்ஃப்ளோ, சைன் ஆகிய ஃபிளாக்குகள் என்னவாக இருக்கும், காரணம் தருக.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிட் என்றால் 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய ஓர் இடம். எட்டு பிட்டில் 0 முதல் 255 வரை எழுதலாம். அதே எட்டு பிட்டில் குறை எண்களும் வேண்டுமென்றால், பாதி இடத்தை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு –128 முதல் 127 வரை வைத்துக்கொள்கிறோம். குறை எண்ணை 256-லிருந்து கழித்து எழுதுவோம். –20 என்பது உள்ளே 236 ஆக இருக்கும். மேல் பிட் 1 என்றால் குறை எண், 0 என்றால் மிகை எண். இதற்குத்தான் டூஸ் காம்ப்ளிமென்ட் என்று பெயர். இயந்திரத்துக்குக் குறையும் தெரியாது மிகையும் தெரியாது. அது 50-ஐயும் 236-ஐயும் கூட்டும். 286 வரும். எட்டு பிட்டில் 256-க்கு இடமில்லை, அது வெளியே போய்விடும். மிச்சம் 30. வெளியே போனதற்கு அடையாளமாகக் கேரி ஃபிளாக் 1 ஆகும். ஃபிளாக் என்றால் அவ்வளவுதான், ஒரு பிட் அடையாளம். விடை குறை எண் என்றால் சைன் 1 ஆகும், விடை எல்லையை மீறிவிட்டால் ஓவர்ஃப்ளோ 1 ஆகும்.

விடைக்குறிப்பில் இப்படி இருந்தது: ஏ.எல். 30, ஒரு மதிப்பெண். கேரி 1, எனவே ஓவர்ஃப்ளோ 1, சைன் 0. ஃபிளாக்குகள் எல்லாம் சரியாக இருந்தால் நான்கு மதிப்பெண், ஒன்று தவறினாலும் பூஜ்யம். இந்த 'ஒன்று தவறினாலும் பூஜ்யம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான். அரை மதிப்பெண்ணுக்கெல்லாம் திருத்துபவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை அது நிறுத்தியது. பல மாணவர்களின் படிப்பையும் நிறுத்தியிருக்கலாம், அதை நான் கணக்கெடுக்கவில்லை.

அந்தப் பெண் எழுதியிருந்தது: ஏ.எல். 30. கேரி 1. ஓவர்ஃப்ளோ 0. சைன் 0. ஓவர்ஃப்ளோ தவறு என்று நான்கு மதிப்பெண் போயிருந்தது.

மனுவை நீலப் பேனாவில் தமிழில் எழுதியிருந்தாள். நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கு விசிறி ஓட்டும் கட்டுப்பாட்டு போர்டு செய்கிற ஒரு பட்டறையில் வேலை செய்கிறாளாம். பண்ணையில் இருக்கும் வெப்ப சென்சார் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும், அதனால் ஒவ்வொரு அளவோடும் –3 கூட்டுவார்களாம். 35 என்று வந்தால் 35-உடன் 253, கூட்டினால் 288, 256 வெளியே போகும், 32 மிஞ்சும். கேரி ஒவ்வொரு முறையும் வருகிறது, ஆனால் விடை சரியாக இருக்கிறது, விசிறியும் சரியாக ஓடுகிறது. கேரி வந்தாலே ஓவர்ஃப்ளோ என்று வைத்தால் எங்கள் போர்டு நாள் முழுக்க அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும் ஐயா, என்று எழுதியிருந்தாள்.

படித்து நான் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். கோழிப்பண்ணையைக் கொண்டுவந்து எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று தேர்வு அதிகாரியிடமும் சொன்னேன். அவரும் சிரித்து வைத்தார்.

கடைசிப் பத்தியை அதற்குப் பிறகுதான் படித்தேன். மறுப்பாணை எழுதுபவர்கள் கஷ்டப் பத்தியைக் கடைசியில்தான் படிப்பார்கள், முதலில் படித்தால் மறுப்பு எழுத வராது என்பதால். பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். இதுதான் பாக்கி இருக்கும் ஒரே தாள். வெள்ளிக்கிழமைக்குள் தேர்ச்சிச் சான்று காட்டாவிட்டால் இடம் போய்விடும். வெண்ணந்தூரில் அப்பாவுக்கு இரண்டு விசைத்தறி, தம்பி பள்ளியில் படிக்கிறான், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க வீட்டில் விடமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தி: மனு கிடைக்கப்பெற்றது, கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இரண்டாம் பத்தியில் அவள் சொல்வது ஏன் தவறு என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு சின்ன உதாரணம் போட்டால் மேல்முறையீட்டுக்கு வாய்ப்பில்லாமல் போகும் என்பது என் பழைய தந்திரம். பெரிய எண்கள் வேண்டாம், யாரும் மனதில் போட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று –1-ஐயும் 1-ஐயும் எடுத்துக்கொண்டேன்.

–1 உள்ளே 255. அதோடு 1 கூட்டினால் 256. அது வெளியே போகும், கேரி 1. மிச்சம் 0. எனவே ஓவர்ஃப்ளோ 1 என்று எழுதினேன். எனவே விடை எட்டு பிட்டின் எல்லையை மீறிவிட்டது, நம்பத் தகாதது, என்று எழுதப் போன கை நின்றது.

–1-உடன் 1 கூட்டினால் பூஜ்யம். ஏ.எல்.-இலும் பூஜ்யம்தான் இருக்கிறது. விடை சரி. எதை நம்பத் தகாதது என்று எழுதுவது?

தாளைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே விடை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. முப்பது வருடம் இதைக் கற்பித்து ஓய்வூதியம் வாங்குகிறவன் நான்.

தண்ணீர் குடித்தேன். லேப் இன்ஸ்ட்ரக்டரை வரச்சொல்லுங்கள் என்றேன். அவர் என் காலத்திலிருந்தே அங்கே இருப்பவர், திருச்செங்கோட்டுக்காரர், என் கோபத்தையெல்லாம் பார்த்தவர். அவரோடு லேபுக்குப் போனேன். கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும் டாஸ் டீபக் என்ற பழைய நிரல் ஒரு கணினியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.எல்.-இல் ஹெக்ஸ் என்ற பதினாறடி எண் முறையில் 255-ஐக் குறிக்கும் FF போட்டு, 1 கூட்டச் சொல்லி, ஒவ்வொரு கட்டளையாக ஓட்டச் சொன்னேன். ஓட்டினார். ஃபிளாக்குகளை அந்த நிரல் இரண்டு இரண்டு எழுத்தாகக் காட்டும். கேரி வந்தால் CY, வராவிட்டால் NC. ஓவர்ஃப்ளோ வந்தால் OV, வராவிட்டால் NV. திரையில் ஏ.எல். 00. NV. CY.

கேரி உண்டு, ஓவர்ஃப்ளோ இல்லை.

"மறுக்கா ஓட்டுங்க" என்றேன்.

"எத்தன தடவ ஓட்டுனாலும் அதே தானுங்க சார் வரும்" என்றார். "இது என்னங்க, சர்வீஸ் கமிஷன் பரீச்சையா, வருசத்துக்கு வருசம் மாறறதுக்கு."

அடுத்து 127-உடன் 1 கூட்டச் சொன்னேன். ஹெக்ஸில் 7F-உம் 1-உம். 80 வந்தது. குறை எண்ணே இல்லாத, அதாவது குறியில்லாத கணக்கில் 128, சரியான விடை, 255-க்குள் அடங்குகிறது, எதுவும் வெளியே போகவில்லை. அதனால் NC. குறியுள்ள கணக்கில் 80 என்றால் –128. 127-உடன் ஒன்று கூட்டினால் –128. இதைவிடப் பெரிய பிழை கிடையாது. OV. இங்கே கேரி இல்லாமலே ஓவர்ஃப்ளோ.

இரண்டும் வெவ்வேறு என்பதை இரண்டு வரியில் அந்தத் திரை காட்டிவிட்டது. மேல் பிட்டுக்கு அப்பால் ஒன்று வெளியே போனதா என்று மட்டும் கேரி பார்க்கிறது. குறியில்லாத எண்ணாகப் படிப்பவனுக்கு அது எச்சரிக்கை. இரண்டு மிகை எண்களைக் கூட்டிக் குறை எண் வந்ததா, இரண்டு குறை எண்களைக் கூட்டி மிகை எண் வந்ததா என்பது ஓவர்ஃப்ளோ. குறியுள்ள எண்ணாகப் படிப்பவனுக்கு அது எச்சரிக்கை. மேல் பிட்டுக்கு உள்ளே வந்த கேரியும் வெளியே போன கேரியும் ஒன்றாக இல்லாதபோது இது 1 ஆகும். ஒரு மிகை எண்ணையும் ஒரு குறை எண்ணையும் கூட்டும்போது ஓவர்ஃப்ளோ வரவே முடியாது, விடை அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் விழும். 50-க்கும் –20-க்கும் நடுவில் 30 இருக்கிறது. அந்தப் பெண் எழுதியது சரி. கோழிப்பண்ணையும் சரி.

எனக்கு உடனே கோபம் வந்தது. அடுத்தவர் தவறைக் கண்டுபிடித்ததும் வருகிற சுகமான கோபம். இந்த விடைக்குறிப்பை எழுதிய முட்டாள் யார், இவ்வளவு நாள் இதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

லேப் இன்ஸ்ட்ரக்டர் மேசை மேல் இருந்த கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க நோட்டுல இருந்து எடுத்ததுதானுங்க சார் அது. எல்லாரும் அதத்தானுங்க பாத்துப் போடறாங்க."

அலமாரியைத் திறந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கட்டைக் கொடுத்தார். ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். என் கையெழுத்து. ஃபிளாக்குகள் பற்றிய பக்கத்தில் ஒரே ஒரு உதாரணம். –100-உடன் –50. உள்ளே 156-உம் 206-உம். கூட்டினால் 362. 256 வெளியே போனால் 106. –150 வர வேண்டிய இடத்தில் 106. கேரி 1, ஓவர்ஃப்ளோ 1. அதன் கீழே கட்டம் கட்டி எழுதியிருந்தேன்: கேரி வெளியே போகும்போது ஓவர்ஃப்ளோ ஏற்படுகிறது.

உதாரணம் சரிதான். அதில் இரண்டு ஃபிளாக்குகளும் 1 ஆகத்தான் ஆகும். இருவர் ஒரு நாள் ஒரே பேருந்தில் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் கணவன் மனைவி என்று பதிவேட்டில் எழுதிய கதை. அதை எழுதிய காலத்தில் எங்கள் லேபில் இருந்தவை எல்லாம் 8085 என்ற பழைய மைக்ரோபிராசஸரின் பயிற்சிக் கிட்கள். அவற்றின் பாடத்தில் ஐந்து ஃபிளாக்குகள், ஓவர்ஃப்ளோ அதில் கிடையாது. பாடத்திட்டம் 8086-க்கு மாறியபோது புதிதாக ஒரு ஃபிளாக் வந்திருக்கிறதே என்று, ஓட்டிப் பார்க்க இயந்திரம் இல்லாமல், தெரிந்த கேரியின் தம்பி என்று எண்ணி எழுதிவிட்டேன். பிறகு இயந்திரம் வந்தது. நோட்டு அதற்குள் வேதமாகிவிட்டது. நானே அதைப் பார்த்துத்தான் நடத்தினேன்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். இன்ஸ்ட்ரக்டர் காபி வேண்டுமா என்று கேட்டார். காபி வந்தது, ஆறிப் போனது.

தேர்வு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், கிரேஸ் மார்க் மூணு வரைக்கும் போடலாம்னு நீங்க எழுதுன விதியே இருக்குது. நாற்பது வந்துரும். புள்ளைக்குச் சான்று கெடச்சுரும். விடைக்குறிப்பு அப்படியே இருக்கட்டுங்க சார்."

விதி இருந்தது. எண்ணும் சரியாகப் பொருந்தியது. அவள் கேட்டது வெள்ளிக்கிழமைக்குள் தேர்ச்சி, அது கிடைத்துவிடும். மனு தள்ளுபடி ஆகும், நோட்டு நோட்டாகவே இருக்கும், யாரும் என் பெயரை எடுக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒரு நிமிடம் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

என்னை நிறுத்தியது நல்ல குணம் அல்ல, நடைமுறைதான். கிரேஸ் மதிப்பெண் போட்டால் மதிப்பெண் பட்டியலில் அந்தத் தாளுக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி விழும். கருணையால் தேறியவர் என்று அதற்குப் பொருள். அந்தக் கேள்வியில் சரியாக எழுதிய பெண்ணுக்கு நட்சத்திரம். தவறாக எழுதிய எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குறியையும் கொண்டுவந்தவன் நான்.

விடைக்குறிப்பைத் திருத்த வழி இருக்கிறது என்றேன். பாட வல்லுநர் எழுத்து மூலம் பிழையைக் காட்டினால் தேர்வு அதிகாரியும் முதல்வரும் கையெழுத்திட்டு மனுதாரருக்கு அன்றே புதிய முடிவு தரலாம். மற்ற விடைத்தாள்களை ஒரு மாதத்துக்குள் எடுத்துத் திருத்தலாம். ஏற்கெனவே மதிப்பெண் வாங்கியவர்களிடமிருந்து எதையும் பிடுங்கக் கூடாது.

"பிழை எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதியே ஆகோணுங்களா சார்?"

"படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குதே" என்றேன்.

மறுப்பாணைத் தாளைக் கிழித்துவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். மூன்று உதாரணங்கள் போட்டேன். –1-உம் 1-உம், கேரி மட்டும். 127-உம் 1-உம், ஓவர்ஃப்ளோ மட்டும். –100-உம் –50-உம், இரண்டும். காரணக் கட்டத்தில், மூன்றாவது உதாரணத்தை மட்டும் பார்த்து நான் எழுதிய தவறான குறிப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதல்வர் படித்துப் பார்த்து, நீங்களா சார், என்று மட்டும் கேட்டார். நாலு மணிக்குள் எல்லாம் முடிந்தது. முப்பத்தேழு, நாற்பத்தொன்று ஆனது.

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். ஆணையை நின்றுகொண்டே படித்தாள். மெதுவாகப் படித்தாள். காரணக் கட்டத்துக்கு வந்ததும் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி படித்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

"சார், போன வருசப் பேப்பருக்கும் இது செல்லுமுங்களா?" என்று கேட்டாள்.

போன வருடம் என்ன என்றேன். அவள் தெருவில் அவளுக்கு ஒரு வருடம் மூத்த பெண் ஒருத்தி, இதே கல்லூரி, இதே தாளை அரியர் எழுதினாளாம். அப்போது இவள் பட்டறையில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"நோட்டுல இருக்கறது தப்பு, இப்படி எழுதுன்னு நான்தானுங்க சார் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவ அப்படியே எழுதுனா. ரெண்டு மார்க்ல போயிருச்சு. உன்னையக் கேட்டதுக்கு நோட்டப் படிச்சிருக்கலாம்னா. அதுக்கப்புறம் எங்கூடப் பேசறதில்லீங்க. இப்ப ஸ்பின்னிங் மில்லுக்குப் போறா."

போன வருடத்து விடைத்தாள்கள் எங்கே என்று தேர்வு அதிகாரியிடம் கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும். முடிவு வந்து ஆறு மாதம் கழித்து விடைத்தாள்களைக் காகித ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். இடம் போதவில்லை என்று அந்தக் காலக்கெடுவை ஒரு வருடத்திலிருந்து ஆறு மாதமாகக் குறைத்திருந்தேன். தேர்வு அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல், போயிருச்சுங்க சார், என்றார்.

தாள் இல்லாமல் மதிப்பெண் போட எந்த விதியும் இல்லை. எல்லா விதியும் தெரிந்தவன் என்பதால் தேடிப் பார்க்கக்கூட எனக்கு வழி இருக்கவில்லை. அடுத்த தேர்வில் அவள் மறுபடி எழுதலாம், இனி சரியாகத் திருத்துவார்கள் என்றேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது.

அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் அதைத்தான் எதிர்பார்த்ததுபோல் இருந்தது.

"இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமுங்களா சார்? அவகிட்டக் காட்டோணும்."

மனுதாரருக்கு ஆணை ஒரு பிரதிதான், மூன்றாம் நபரிடம் காட்ட நகல் தருவது கூடாது. இப்படிச் சொல்ல வாய்வரை வந்தது. இயந்திரத்தில் நானே தாளை வைத்து நகல் எடுத்தேன். 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எந்த அதிகாரத்தில் என்று தேர்வு அதிகாரி கேட்கவில்லை.

அசலை அவள் பிளாஸ்டிக் கோப்பில் வைத்தாள். நகலை மடித்துக் கைப்பையின் உள் அறையில் தனியாக வைத்தாள். பிறகு, வாரேனுங்க, என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மில்லில் ஷிப்ட் விடும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று பேருந்து நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தாள்.